ஸ்டீக் உள்ளே சிவப்பா இருக்கலாம்னா பர்கர் ஏன் இருக்கக்கூடாது? கடையில வந்த சண்டை

தக்கலை_இரும்புக்கல்

தக்கலை பக்கம் ரோட்டோரமா சின்னதா பர்கர் கடை போட்டு எட்டு மாசம் ஆகுது. அதுக்கு முன்ன நாலு வருஷம் கல்ஃப்ல ஒரு ஓட்டல்ல பேட்டி சுடுற வேலை. நேத்து ராத்திரி லீவுக்கு வந்த ஒரு அண்ணன் பீஃப் பர்கர் கேட்டாரு, கேட்டுட்டு மீடியம் ரேர் போதும், உள்ளே சிவப்பா இருக்கணும்னாரு. நான் முழுசா வேக வெச்சு தான் தருவேன்னு சொன்னேன். அவருக்கு கோவம். துபாயில ஸ்டீக்கை உள்ளே ரெத்தமா தான் தின்னேன், அதுவும் மாடு இதுவும் மாடு, உனக்கு வேலை தெரியல தம்பின்னு நாலு பேரு முன்னால சொல்லிட்டு போயிட்டாரு.

உண்மைய சொன்னா எனக்கும் பதில் தெரியல. அங்க எனக்க முதலாளி பர்கர் சிவப்பா போச்சுன்னா வேலைய விட்டு தூக்கிருவேன்னு சொல்லுவாரு, ஏன்னு சொன்னது இல்ல. அதே அடுப்புல பக்கத்துல நிக்கிறவன் ஸ்டீக்கை ரெண்டு பக்கமும் ஒரு பொரட்டு பொரட்டி அனுப்புவான். அதே மாடு தானே? அவரு சொன்னதுல நியாயம் இருக்கா? இன்னொன்னு, நான் வெந்துதான்னு பாக்குறது நடுவுல கீறி கலர் பாத்து தான், உள்ளே பிரவுன் ஆச்சுன்னா எடுத்துருவேன். அது போதுமா?

கடியபட்டணம்காரன்

லேய் மக்கா எங்க அம்மை பீஃப் வெச்சா குக்கர்ல ஏழு விசிலு, அப்பறம் தேங்கா கொத்து போட்டு உருளியில அரைமணிக்கூறு வரட்டுவா. நம்ம மாட்டுல எந்த கிருமி அதை தாண்டி உயிரோட வரும்? சிவப்பா திங்கணும்னா செம்பரத்திப்பூவை தின்ன சொல்லு அவர 😂

கப்பலடுக்களை

சிரிச்சது போதும், தம்பி கேட்டது நல்ல கேள்வி. நான் 19 வருஷம் கப்பல்ல சமையல், இப்பம் ஊர்ல தான் இருக்கேன். கொஞ்சம் நீளமா சொல்லுதேன்.

மரச்சீனிக்கிழங்கை தோண்டி எடுக்குத. மண்ணு எங்க இருக்கும்? தோலுல. தோலை உரிச்சு கழுவினா உள்ளே வெள்ளைவெளேர்னு இருக்கும், ஒரு பொட்டு மண்ணு இருக்காது. இப்பம் அதே கிழங்கை தோலு மண்ணு எல்லாத்தோடயும் சேத்து அரைச்சுட்டேன்னு வையி. அப்பறம் மண்ணை எங்க போய் கழுவுவ? ஸ்டீக்குக்கும் பர்கருக்கும் வித்தியாசம் அவ்வளவு தான், மாடு ஒண்ணு தான், அரைச்சோமா அரைக்கலையாங்குறது தான் விஷயம்.

நல்ல ஆரோக்கியமான மாட்டுக்க சதைக்குள்ள பாக்டீரியா இருக்காதுன்னே சொல்லலாம். அது இருக்கிறது ரெண்டு இடத்துல, ஒண்ணு குடல்ல, இன்னொன்னு தோலு மேல ஒட்டின சாணியில. வெட்டி தோலை உரிக்கும்போது தோலுல இருக்கிறது எறச்சிக்க மேல படும், குடலை எடுக்கும்போது ஒரு கீறல் விழுந்தா அதுவும் படும். கத்தி, கை, கட்டை, துணி எல்லாம் அதை இங்கயும் அங்கயும் கொண்டு போவும். எப்படி பட்டாலும் பட்டது மேல்பக்கத்துல தான். ஒரு முழு துண்டை நல்லா காஞ்ச கல்லுல போட்டா அந்த மேல்பக்கம் நூறு டிகிரிய தாண்டிரும், அதுல இருக்கிற கிருமி சில நொடியில செத்துரும். உள்ளே 50, 52 டிகிரி தான் இருக்கும், சிவப்பா இருக்கும், ஆனா அங்க சாக வேண்டிய பாக்டீரியா எதுவும் இல்ல. அதனால தான் விவரம் தெரிஞ்சவன் ஸ்டீக்கை ரெண்டு பக்கம் மட்டும் சுட மாட்டான், இடுக்கியில நிமித்தி புடிச்சு சுத்தி இருக்கிற ஓரத்தையும் கல்லுல ஒட்டி எடுப்பான். ஓரமும் மேல்பக்கம் தானே.

அதே துண்டை மெஷின்ல போட்டு கைமா ஆக்கினா மேல இருந்தது எல்லாம் உள்ளே போயிருச்சு. நீ உருட்டி தட்டுற பேட்டிக்க நடுவுல இருக்கிற எறச்சி காலைல ஏதோ ஒரு துண்டுக்க மேல்தோலா இருந்திருக்கும். பர்கர்ல உள்பக்கம்னு ஒண்ணு கிடையாது தம்பி, முழுக்க மேல்பக்கம் தான். அந்த நடுவுல 52 டிகிரி மட்டும் போச்சுன்னா அது கிருமிக்கு இளஞ்சூடு, குளிச்சுட்டு வந்த மாதிரி இருக்கும்.

எறச்சிக்கடை_மவன்

அண்ணே சொன்னது சரி தான் ஆனா இது எல்லாம் வெளிநாட்டு பேக்கட் எறச்சிக்கு. அங்க எப்பமோ வெட்டி கப்பல்ல ஏத்தி மாசக்கணக்குல ஐஸ்ல போட்டது. நம்ம கடையில வெடியக்காலம் நாலு மணிக்கு வெட்டுனா பத்து மணிக்கு தீந்துரும். எங்க அப்பா 30 வருஷமா கடை வெச்சிருக்காரு, பழைய எறச்சி தான் கேடு, புதுசுல ஒரு மண்ணும் கிடையாது. மோந்து பாத்தாலே தெரிஞ்சுரும். புது எறச்சிய கண்ணு முன்னால அரைச்சு வாங்கினா சிவப்பா குடுக்கிறதுல என்ன தப்பு?

கப்பலடுக்களை

மவனே நீ சொல்லுறதுல பாதி சரி. ஒரே துண்டை வாங்கி அப்பமே அரைச்சா ஆபத்து கொறையும், அது உண்மை. பெரிய கம்பெனி கைமாவுல ஒரு பேட்டிக்குள்ள பல மாட்டுக்க எறச்சி கலந்து கெடக்கும், ஒரு மாடு அழுக்கா இருந்தா ஒரு லோடே அழுக்கு. நம்ம கடையில ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு மாடு தான்.

ஆனா மோந்து பாக்குறது வேலைக்கு ஆகாது. நாத்தம் வர வைக்கிற பாக்டீரியா வேற, ஆளை படுக்க வைக்கிற பாக்டீரியா வேற. நாத்தம் புடிக்க கோடிக்கணக்குல பெருகணும், அதுக்கு நேரம் வேணும், அங்க உங்க அப்பா சொல்லுற பழசு புதுசு கணக்கு சரி. இந்த சாணியில இருந்து வருற ஈ.கோலைல ஓ157னு ஒரு வகை இருக்கு, அது நூறுக்கும் கொறைவா உள்ளே போனாலே போதும். நூறு கிருமிக்கு மணமும் கிடையாது கலரும் கிடையாது. அது படுறதும் வெட்டுற நேரத்துல தான், அதாவது உங்க எறச்சி ரொம்ப புதுசா இருக்கும்போதே பட்டாச்சு. மாட்டுக்கு அதால ஒரு சீக்கும் வராது, அது பாட்டுக்கு புல்லு தின்னுட்டு நிக்கும், அதனால மாட்டை பாத்தும் கண்டுபுடிக்க முடியாது.

கூடவே உங்க கடை மெஷினை கொஞ்சம் நெனச்சு பாரு. திருகுக்க இடுக்குல முந்தின ஆளு வாங்கின எறச்சி கொஞ்சம் எப்பமும் மாட்டி கெடக்கும். சாயங்காலம் கழட்டி கொதிவெள்ளத்துல கழுவுதியளா, இல்ல வெளிய மட்டும் தொடைக்குதியளா?

எறச்சிக்கடை_மவன்

சாயங்காலம் கழட்டி கழுவுவோம். நடுவுல கழுவ மாட்டோம், ஒத்துக்கிடுதேன். ஆனா இந்த கிருமியால நம்ம ஊர்ல ஆரு செத்திருக்கா சொல்லுங்க?

கப்பலடுக்களை

நம்ம ஊர்ல ஆரும் கைமாவை பச்சையா தின்னது இல்லியே, எல்லாம் கடியபட்டணம்காரனுக்க அம்மை மாதிரி ஏழு விசிலு. தின்ன ஊர்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லுதேன் கேளு.

1982ல அமெரிக்காவுல ஆரிகன், மிச்சிகன்னு ரெண்டு மாநிலத்துல கொஞ்ச பேருக்கு ரெத்தமா வயித்துப்போக்கு வந்தப்பம் தான் இந்த ஓ157க்க பேரே டாக்டர்மாருக்கு தெரிஞ்சுது. அப்பமும் பர்கர் தான். ஆனா எல்லாரும் முழிச்சது 1993ல. ஜாக் இன் த பாக்ஸ்னு ஒரு பெரிய பர்கர் கம்பெனி, நாலு மாநிலத்துல அவங்க கடைகள்ல தின்னவங்க 700 பேருக்கு மேல படுத்தாங்க, நாலு பிள்ளைகள் செத்து போச்சு. வாஷிங்டன் மாநிலத்துல பேட்டிக்க நடுவுல 68 டிகிரி போகணும்னு ஒரு விதி அதுக்கு முன்னாலயே இருந்துது, கம்பெனி மத்திய அரசு சொன்ன பழைய 60 டிகிரிய வெச்சு ஓட்டிட்டு இருந்தாங்க. எட்டு டிகிரி வித்தியாசம். அதுக்கு அடுத்த வருஷம், 1994ல, பச்சை கைமாவுல ஓ157 இருந்தாலே அது கலப்பட எறச்சி, விக்கக்கூடாதுன்னு அமெரிக்க அரசு சொல்லிருச்சு. இதுல கவனிக்க வேண்டியது, கைமாவுக்கு தான் அப்படி சொன்னாங்க, முழு துண்டு எறச்சிக்கு சொல்லல. நம்ம தம்பி கேட்ட கேள்விக்கு சட்டமே பதில் சொல்லிருக்கு பாத்தியா.

கப்பல்ல எங்களுக்கு இதை மொத நாளே சொல்லித்தருவாங்க. இப்பம் அமெரிக்காவுல உள்ள கணக்கு கைமாவுக்கு நடுவுல 71 டிகிரி, ஸ்டீக்குக்கு 63 டிகிரி வந்து மூணு நிமிஷம் வெச்சிருக்கணும். ரேர்ங்குறது அந்த 63க்கும் கீழ தான், அதனால ரேர் ஸ்டீக்குக்கு அரசு ஒண்ணும் கைதட்டல, தின்னுறவன் தெரிஞ்சு தின்னுறான். ஆபத்து கொறைவு, பூஜ்யம் இல்ல.

கருங்கல்_ஜாஸ்மின்

என் மகனுக்கு போன மாசம் ஒரு கடையில ஷவர்மா வாங்கி குடுத்து மூணு நாள் வாந்தி பேதி, ஆறு வயசு தான். அதுவும் அரைச்ச எறச்சி தானே சேட்டா? அதுக்கு என்ன மாத்திரை குடுத்தா நல்லது, வயித்துப்போக்கை நிறுத்துற மாத்திரை வீட்டுல இருக்கு, அடுத்த தடவ வந்தா அதை குடுக்கலாமா?

மாட்டாஸ்பத்திரி_அக்கா

ஜாஸ்மின், நான் கால்நடை டாக்டர், பிள்ளைகளுக்க டாக்டர் இல்ல, இருந்தாலும் ஒண்ணு சொல்லுதேன். ஷவர்மா அரைச்சது இல்ல, கோழித்துண்டை அடுக்கி வெச்சு சுத்தி விட்டு மேலாப்புல வெந்ததை சீவுறது, அங்க பிரச்சினை வேற மாதிரி வரும். கோழிக்கு இந்த ஸ்டீக் கணக்கே கிடையாது, துண்டா இருந்தாலும் கைமாவா இருந்தாலும் முழுசா வெந்தே ஆகணும்.

நிறுத்துற மாத்திரை வேண்டாம். பிள்ளைக்கு ரெத்தமா போச்சுன்னா வீட்டுல எதுவும் குடுக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க. மேல சொன்ன ஈ.கோலை ஒரு விஷத்தை விடும், பேதிய நிறுத்தினா அந்த விஷம் கூட நேரம் உள்ளே தங்கும். சில ஆன்டிபயாடிக்கும் இதுல கேடு பண்ணும்னு சொல்லுவாங்க, அதனால நம்மளா மருந்துக்கடையில வாங்கி குடுக்கக்கூடாது. பேதி தொடங்கி ஒரு வாரம் கிட்ட ஆகும்போது சில பிள்ளைகளுக்கு கிட்னி படுத்துரும், அஞ்சு வயசுக்கு கீழ உள்ளதுக்கு தான் கூடுதல். பேதி நின்னு போச்சு, சரியாச்சுன்னு நெனைக்கிற நேரத்துல பிள்ளை வெளிறி போயி மூத்திரம் கொறஞ்சா அதை விடக்கூடாது.

கருங்கல்_ஜாஸ்மின்

சரி அக்கா. அவனுக்கு ரெத்தம் ஒண்ணும் போகல. மாத்திரைய தூக்கி போட்டுருதேன்.

தக்கலை_இரும்புக்கல்

கிழங்கு உதாரணம் மண்டையில ஏறிருச்சு அண்ணே. அந்த அண்ணன் வந்தாருன்னா அதையே சொல்லுவேன். இப்பம் இன்னொரு சந்தேகம். அவருக்காக ஸ்டீக் போட்டா என்னன்னு யோசிக்கிறேன், அண்டர்கட் எடுத்து. நம்ம மாடு கொறச்சு கட்டி, அதனால ரெண்டு பக்கமும் முள்கரண்டியால நல்லா குத்தி, பப்பாளிக்காயும் மிளகும் அரைச்சு பெரட்டி ஒரு ராத்திரி வெச்சுட்டு காலைல சுடலாம்னு. மசாலா உள்ளே எறங்கும்லா.

கப்பலடுக்களை

குத்தாத!!!

மசாலா உள்ளே எறங்குற அதே ஓட்டை வழியா தான் மேல இருக்கிற கிருமியும் எறங்கும். ஒவ்வொரு குத்தும் ஒரு சின்ன கைமா. குத்தினா அது முழு துண்டு கணக்குல இருந்து வெளிய வந்துருச்சு, நடுவு வரை வேக வெக்கணும். வெளிநாட்டுல மெஷின்ல ஊசியால குத்தி மெதுவாக்கின ஸ்டீக்கை பாத்தா கண்டுபுடிக்க முடியாது, ஓட்டை எல்லாம் மூடிக்கிடும். 2012ல கனடாவுல அந்த மாதிரி எறச்சியும் சேந்து ஆளுங்க படுத்தாங்க, அப்பறம் தான் 2014ல அங்கயும் 2016ல அமெரிக்காவுலயும் இது ஊசி குத்தின எறச்சின்னு லேபிள்ல எழுதியே ஆகணும்னு வந்துது.

அண்டர்கட்டை குத்த வேண்டிய அவசியமே இல்ல, மாட்டுலயே மெதுவான இடம் அது. பப்பாளிக்காய் போட்டு ஒரு ராத்திரி வெச்சா மேலாப்புல கொழகொழன்னு ஆயிரும், அது வேற கதை. உப்பும் மிளகும் மட்டும் போட்டு சுடு. சுருட்டி கட்டுறது, நடுவுல கீறி மசாலா திணிக்கிறது, இதுக்கும் அதே விதி. வெளிப்பக்கம் உள்ளே போனா உள்ளேயும் வேகணும்.

மாட்டாஸ்பத்திரி_அக்கா

கப்பல் அண்ணன் பாக்டீரியா பத்தி சொன்னது எல்லாம் சரி. ஆனா சதைக்குள்ள ஒண்ணும் இருக்காதுங்குறதை நம்ம ஊரு மாட்டுக்கு அப்படியே எடுத்துக்கிட முடியாது, ஒண்ணை விட்டுட்டாரு. நாடாப்புழு.

மனுசன் வெளிய இருக்கப்போன இடத்துல மாடு மேஞ்சா, புழுவுக்க முட்டை மாட்டுக்க வயித்துக்குள்ள போயி, அங்க பொரிஞ்சு, ரெத்தத்துல கலந்து நேரா சதைக்குள்ள போயி உக்காந்துரும். வெள்ளையா, பட்டாணி அளவுல ஒரு சின்ன கொப்புளம், உள்ளே தண்ணி. தாடை, நாக்கு, இருதயம் இதுல தான் கூடுதலா பாக்கலாம், அதனால எறச்சி பரிசோதனைல அந்த இடத்தை கீறி பாப்போம். அது மேல்பக்கத்துல இல்ல, கிழங்குக்க உள்ளே இருக்கிற புழு மாதிரி. கல்லுல மேல மட்டும் சுட்டா அதுக்கு ஒண்ணும் ஆகாது. அது சாக நடுவுல 60 டிகிரி கிட்ட போகணும், ரேர்ல அது வராது.

மேய்ச்சலும் கக்கூசும் ஒழுங்கா இருக்கிற, ஒவ்வொரு மாட்டையும் கீறி பாக்குற ஊர்ல ரேர் ஸ்டீக்கை தைரியமா தின்னுறாங்க. இங்க வீட்டோரத்துல கட்டி வெட்டின மாட்டுக்கு ஆரு சீல் வெச்சா? பயமுறுத்த சொல்லல, மாட்டுக்க நாடாப்புழு குடல்ல தான் இருக்கும், பன்னிப்புழு மாதிரி மூளைக்கு போற கதை இதுல இல்ல. ஆனா அஞ்சு மீட்டர் நீளத்துக்கு ஒண்ணை வயித்துல வெச்சுட்டு நடக்க ஆருக்கு ஆசை.

கப்பலடுக்களை

அக்கா சொன்னதுக்கு மறுத்து பேச ஒண்ணும் இல்ல. கப்பல்ல எங்களுக்கு வந்தது எல்லாம் ஃப்ரீசர் எறச்சி, அதனால இதை யோசிச்சதே இல்ல. உறைய வெச்சா அந்த கொப்புளம் சாகும் தானே?

மாட்டாஸ்பத்திரி_அக்கா

சாகும். மைனஸ் 10 டிகிரில 10 நாள்னு ஒரு கணக்கு உண்டு, எறச்சிக்க நடுவுல அந்த குளிர் போகணும். ஆனா கரண்டு போயி போயி வருற ஊர்ல ஃப்ரிட்ஜுக்க மேல்தட்டை நம்பி நான் அப்படி சொல்ல மாட்டேன். அது போக, ஐஸ் புழுவை தான் கொல்லும், ஈ.கோலை ஐஸ்ல தூங்கும், உருகினா எந்திரிக்கும். அதனால ஃப்ரீசர்ல வெச்ச கைமாவை சிவப்பா திங்கலாம்னு ஆரும் கெளம்பிராதீங்க.

கொல்லங்கோடு_மேரி

நான் வீட்டுல இருந்து கட்லெட் செஞ்சு ஆர்டர் எடுக்கிறவ. இதை எல்லாம் வாசிச்சுட்டு பயமா இருக்கு, நான் கட்லெட்டை எண்ணெயில பிரவுன் கலர் வந்ததும் எடுத்துருவேன், ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. உள்ளே வேகுமா? 12 வருஷமா ஆருக்கும் ஒண்ணும் வரல.

தக்கலை_இரும்புக்கல்

அக்கா நீங்க எறச்சிய மொதல்ல வேக வெச்சு தானே உதிர்ப்பிய?

கொல்லங்கோடு_மேரி

ஆமா, மஞ்சளும் மிளகும் உப்பும் போட்டு குக்கர்ல வேக வெச்சு, வெள்ளம் வத்த வெச்சு, மிக்சியில ஒரு சுத்து சுத்தி, கெழங்கும் வெங்காயமும் வதக்கி சேப்பேன்.

கப்பலடுக்களை

அப்பம் ஒரு பயமும் வேண்டாம் மேரி. கட்லெட்டுல எறச்சி எண்ணெய்க்கு வரும்போதே வெந்தாச்சு, நீ பொரிக்கிறது மொறுமொறுப்புக்கு மட்டும். உருட்டி வெச்சதை வெளிய ரொம்ப நேரம் போடாம இருந்தா சரி.

ஆனா நல்ல விஷயம் ஒண்ணை எடுத்து தந்துட்ட. நம்ம ஊர்ல பர்கர் புதுசா தொடங்குறவங்க பாதி பேரு இங்க தான் வழுக்குறாங்க. பேட்டிய பாத்தா கட்லெட் மாதிரியே இருக்கு, கையும் அதே பழக்கத்துல மேல பிரவுன் ஆனதும் எடுத்துருது. கட்லெட்ல கலரு கடைசி வேலை. பர்கர்ல பச்சை எறச்சி, கலரு வருறது வேலைக்க பாதியில.

தக்கலை_இரும்புக்கல்

நாலு நாள் கழிச்சு வாறேன். தெர்மாமீட்டர் வாங்கினேன், குத்தி பாக்குற கம்பி மாதிரி உள்ளது, ஆன்லைன்ல. சரியா காட்டுதான்னு பாக்க ஐஸ் நெறைய போட்ட வெள்ளத்துல வெச்சேன் 0 காட்டிச்சு, கொதிவெள்ளத்துல 99. அப்பம் நம்பலாம்.

எனக்க பேட்டி 150 கிராம், ரெண்டு சென்டிமீட்டர் கனம். இத்தனை நாளா எடுக்கிற மாதிரி எடுத்து, பக்கவாட்டுல இருந்து நடுவுக்கு கம்பிய குத்தினேன். மேல இருந்து குத்தினா கம்பி நடுவை தாண்டி கல்லுக்க சூட்டை காட்டிருது, அதை மொத ரெண்டு பேட்டி பொய்யா 80 காட்டினப்பறம் தான் கண்டுபுடிச்சேன். பக்கவாட்டுல குத்தினா 61. மக்கா 61! உள்ளே பிரவுனா தான் இருந்துது, கொஞ்சம் கூட சிவப்பு இல்ல. எட்டு மாசமா இப்படி தான் குடுத்திருக்கேன்னு நெனச்சா கை நடுங்குது.

அப்பறம் அன்னிக்கு காலைல அரைச்ச கைமாவுல ஒண்ணும், முந்தின நாளு அரைச்சு ஃப்ரிட்ஜுல வெச்சதுல ஒண்ணும் பக்கத்துல பக்கத்துல சுட்டு பாத்தேன். 61 வரும்போது புதுசு உள்ளே ரோஸா இருக்கு, பழசு முழுக்க பிரவுன். அதே சூடு, ரெண்டு கலரு. இது ஏன்?

கப்பலடுக்களை

அது தான் கலரை நம்பாதேன்னு சொல்லுறது. எறச்சிக்க சிவப்பு ரெத்தம் இல்ல, ரெத்தம் வெட்டும்போதே வடிஞ்சாச்சு. அந்த அண்ணன் ரெத்தமா தின்னேன்னு சொன்னதும் ரெத்தம் இல்ல, தசைக்குள்ள இருக்கிற ஒரு சாயம் தான். அந்த சாயம் காத்து பட்டு பட்டு தானாவே பிரவுனுக்கு போகும், அரைச்சு வெச்ச கைமாவுல காத்து ரொம்ப படும். அப்படி பாதி வழி போன சாயம் அடுப்புல கொஞ்சம் சூடு கண்டதும் வெந்த கலருக்கு வந்துரும், 55, 60லயே வந்துரும். கிருமி சாகுறதுக்கு முன்னாலயே கலரு வெந்தாச்சுன்னு பொய் சொல்லும். அமெரிக்க வேளாண் துறை சொல்லுற கணக்கு, நாலு பர்கர்ல ஒண்ணு இப்படி சீக்கிரமே பிரவுன் ஆகும். தலைகீழாவும் வரும், சில மாட்டு எறச்சி 71 தாண்டியும் ரோஸாவே நிக்கும், அதை இன்னும் வெந்துதா வெந்துதான்னு போட்டு கரிச்சுருவோம். வடியுற வெள்ளம் தெளிவா இருக்கான்னு பாக்குறதும் இப்படி தான், நம்ப முடியாது.

தக்கலை_இரும்புக்கல்

71 வரை விட்டேன். செருப்பு மாதிரி ஆகுது அண்ணே. கஸ்டமர் ஓடிருவான்.

கப்பலடுக்களை

கரண்டியால அமுக்குத தானே? அமுக்காத, சாறு எல்லாம் கல்லுல போகும். கனத்தை ஒண்ணரை சென்டிமீட்டர் ஆக்கு, நடுவுல பெருவிரலால ஒரு குழி போடு, அப்பம் ஓரமும் நடுவும் சேந்து வேகும். பெரிய தப்பு கொழுப்பு இல்லாத எறச்சி எடுக்கிறதா இருக்கும். அஞ்சுல ஒரு பங்கு கொழுப்பு இருக்கணும், கடையில நெஞ்சுப்பக்கம் கேளு. தீய கொறச்சு வெச்சா இன்னொரு வழியும் உண்டு, இங்கிலாந்துக்காரன் 70 டிகிரில ரெண்டு நிமிஷம், இல்லன்னா 65ல பத்து நிமிஷம்னு கணக்கு வெச்சிருக்கான், சூடு கொறஞ்சா நேரம் கூடணும். ஆனா 65லயே பத்து நிமிஷம் புடிச்சு வெக்க ரோட்டோர கல்லுல முடியாது, நீ 71ஐ புடிச்சுக்க.

மலையோரம்_77

நான் லண்டன்ல இருந்தேன், அங்க கடையில சிவப்பு பர்கர் குடுக்கிறாங்க, சட்டப்படி. நீங்க எல்லாரும் சும்மா பயமுறுத்துறிய.

கப்பலடுக்களை

குடுக்கிறாங்க, பொய் இல்ல. ஆனா அந்த கடைக்காரன் எறச்சி வாங்குற எடத்துல இருந்தே தனி கட்டுப்பாடு வேணும், அதுக்கு ஒத்துக்கிட்ட சப்ளையர், லேப் டெஸ்ட், மெனுவுல எச்சரிக்கை எல்லாம் உண்டு. சில பேரு முழு துண்டை சுத்தி சுட்டு, அந்த வெந்த மேல்பாகத்தை சுத்தமான கத்தியால சீவி எறிஞ்சுட்டு, உள்ள சதைய மட்டும் சுத்தமான மெஷின்ல அரைப்பான். நான் மொதல்ல சொன்ன கிழங்கு தான், தோலை உரிச்சுட்டு அரைக்கிறான். நம்ம தம்பி அதை செஞ்சா ஒரு கிலோவுல எவ்வளவு வீணாகும்?

எறச்சிக்கடை_மவன்

சீவினா கால் கிலோ போகும். ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும், முன்கூட்டி சொன்னவனுக்கு மட்டும் செஞ்சா ஓடும்னு தோணுது. நான் துண்டு தாறேன், தம்பி சுட்டு சீவட்டும், அரைக்க மொத ஆளா மெஷினை கழுவி வெச்சு தாறேன்.

மாட்டாஸ்பத்திரி_அக்கா

சீவினாலும் நான் சொன்ன கொப்புளம் உள்ளே தான் இருக்கும் தம்பிமாரே. சீல் இல்லாத மாட்டுல நான் இதுக்கு சரின்னு சொல்ல மாட்டேன்.

மலையோரம்_77

அக்கா அப்படி பாத்தா எதையும் திங்க முடியாது.

மாட்டாஸ்பத்திரி_அக்கா

வேக வெச்சு திங்கலாமே, ஆரு வேண்டாம்னா.

தக்கலை_இரும்புக்கல்

சண்டை வேண்டாம். இப்போதைக்கு நான் ஒண்ணரை சென்டிமீட்டர், 71, அவ்வளவு தான். அந்த அண்ணன் நேத்து திரும்ப வந்தாரு. கிழங்கு கதைய சொன்னேன், தெர்மாமீட்டரை அவரு கையிலயே குடுத்தேன், அவரே பக்கவாட்டுல குத்தி 72 பாத்துட்டு தான் தின்னாரு. நெஞ்சுக்கொழுப்பு சேத்ததால சாறு வடிஞ்சுது, சட்டையில ஒழுகிருச்சு. ஸ்டீக் எப்பம் போடுவன்னு கேட்டுட்டு போனாரு. அக்கா, சீல் வெச்ச எறச்சி நாகர்கோவில்ல எங்க கிடைக்கும்?

எறச்சிக்கடை_மவன்

எங்க கிடைச்சாலும் எனக்கும் சொல்லுங்க. அப்பாகிட்ட கேட்டேன், எதுக்குலேன்னு மொறைக்கிறாரு.